“ஒன்றும் நடக்கவில்லையே, பிறகு எதற்குக் கூடுதல் பணம்?” – இயக்குநர் குழுவுக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதுவது எப்படி

நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் பிடித்துவிட்டீர்கள். எதுவும் அழியவில்லை, வேலை ஒரு மணிநேரம்கூட நிற்கவில்லை. அடுத்த மாதம் இயக்குநர் குழு கூடுகிறது. பாதுகாப்புக்கான நிதியை உயர்த்தக் கேட்டு ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்கும்படி உங்கள் மேலாளர் சொல்லிவிட்டார். இந்த வேலையை முதல்முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் எழுதியது ஒன்பது பக்கம். தாக்குதலின் ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு ஐபி முகவரியையும் அதில் வைத்திருந்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “ஆக, நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இப்போதுள்ள ஏற்பாடு போதுமானதாகத்தானே இருந்திருக்கிறது?” என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அவர் கேட்டதில் தவறே இல்லை. நான் கொடுத்த ஒன்பது பக்கத்தைப் படித்த எவருக்கும் அந்த எண்ணம்தான் வந்திருக்கும்.

நூலிழையில் தப்பிய நிகழ்வின் சிக்கலே இதுதான். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெற்றி மாதிரி தெரிகிறது. கொலம்பியா விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டுகள் பெயர்ந்து விண்கலத்தின் மேல் விழுவது முந்தைய பயணங்களிலும் நடந்ததுதான். ஒவ்வொரு முறையும் விண்கலம் பத்திரமாகத் திரும்பியது. அதனால் அது ஆபத்து என்ற பட்டியலிலிருந்து நழுவி, பராமரிப்பு வேலை என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2003 பிப்ரவரி 1 அன்று அதே மாதிரியான ஒரு துண்டு இடித்த இடம் வழியாகத்தான் விண்கலம் சிதைந்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய பயணங்கள் தப்பியதற்குக் காரணம் வடிவமைப்பா, அதிர்ஷ்டமா என்பதை யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

உங்கள் ஒரு பக்கம் செய்ய வேண்டிய வேலையும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான்: நம்மைக் காப்பாற்றியது நம் ஏற்பாடா, அதிர்ஷ்டமா? இதைக் காட்டிவிட்டால் பணம் எதற்கு என்பது தானாகவே புரியும். காட்டாவிட்டால் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த மூத்தவர் கேட்ட கேள்விதான் வரும்.

விளக்க வசதியாக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கற்பனையாக அமைத்ததுதான், ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் வழக்கமாக நடப்பது. பொருட்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம், 42 சர்வர்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு புரிய வேண்டும் என்பதால், ஆண்டுக்கு அவர்கள் பாதுகாப்புக்குச் செலவிடும் தொகையை 100 அலகு என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நேர வரிசையை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் போடுங்கள்

நினைவிலிருந்து எழுதாதீர்கள், லாக்குகளிலிருந்து எழுதுங்கள். சம்பவம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் எல்லோர் மனதிலும் ஒரு கதை உருவாகிவிடும். அந்தக் கதையில் எல்லோரும் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் புத்திசாலித்தனமாகவும் நடந்துகொண்டிருப்பார்கள்.

நம் நிகழ்வு இப்படி. முதல் நாள், செவ்வாய்க்கிழமை: எட்டு மாதம் முன்பே ஒப்பந்தம் முடிந்து போன ஒரு பொறியாளரின் விபிஎன் கணக்கு வழியாக ஒருவர் உள்ளே வருகிறார். அந்தக் கணக்கை யாரும் மூடவில்லை. பாஸ்வேர்டு மட்டும் போதும், ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அந்தக் கணக்குக்கு இல்லை. அடுத்த இரண்டரை வாரம் அவ்வப்போது வந்து சுற்றிப் பார்க்கிறார். பலரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில், தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் அட்மின் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருப்பது கண்ணில் படுகிறது. பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை அதிகாலை 1:10: பேக்அப்பை நிர்வகிக்கும் திரைக்குள் போய், நகல்களை 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை 1 நாள் என்று மாற்றுகிறார். ரான்சம்வேர் கும்பல்கள் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் வேலை இது. திரும்பிப் போக வழி இல்லாமல் செய்துவிட்டுத்தான் பணம் கேட்பார்கள்.

மாற்றம் செய்தால் மின்னஞ்சல் போகும்படி அந்த மென்பொருளில் ஏற்பாடு இருந்தது. சாதாரணமாகச் சனிக்கிழமை அதிகாலை அலுவலகத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். அன்று காலாண்டுச் சரக்குக் கணக்கெடுப்பு. அதற்காக விழித்திருந்த கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர் 1:25க்கு மின்னஞ்சலைப் பார்த்து, அட்மினை வீட்டுக்குப் போன் போட்டு எழுப்பினார். “சார், பேக்அப் செட்டிங்க நீங்களா மாத்தினீங்க?” “இல்லையே!” 1:50க்கு விபிஎன் துண்டிக்கப்பட்டது, கணக்குகள் பூட்டப்பட்டன, செட்டிங் பழையபடி மாற்றப்பட்டது. பழைய நகல்களை நீக்கும் வேலை தினமும் 3:00 மணிக்குத் தானாக ஓடும். 70 நிமிடம் மீதி இருந்தது.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்: ஏற்பாடு, ஆள், அதிர்ஷ்டம். எதுவுமே தடுக்கவில்லை என்றால் கோடு போடுங்கள். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதே சம்பவம் அடுத்த புதன்கிழமை நடந்தால் இது மறுபடியும் இதே வேலையைச் செய்யுமா? கண்டிப்பாகச் செய்யும் என்றால் ஏற்பாடு. குறிப்பிட்ட ஒருவர் இருந்தால்தான் நடக்கும் என்றால் ஆள். இல்லையென்றால் அதிர்ஷ்டம்.

நம் நிகழ்வில் விபிஎன் நுழைவுக்குக் கோடு. பதினெட்டு நாள் சுற்றியதற்கும் கோடு. மின்னஞ்சல் போனது ஏற்பாடு, அது சரியாக வேலை செய்தது. அதை ஒருவர் அந்த நேரத்தில் படித்தது அதிர்ஷ்டம், கணக்கெடுப்பு வேறு வாரம் இருந்திருந்தால் திங்கட்கிழமை காலைதான் படித்திருப்பார்கள். தயங்காமல் போன் செய்தது ஆள். மாற்றம் செய்யப்பட்டது 2:55க்கு இல்லாமல் 1:10க்கு என்பதும் அதிர்ஷ்டம்தான்.

ஆக, உள்ளே வந்தவரை நிறுத்தியிருக்க வேண்டிய சங்கிலியில் ஆறு கண்ணி. அவற்றில் நம்பக்கூடியது ஒன்று. இந்த ஒரு வரிதான் உங்கள் சுருக்கத்தின் முதுகெலும்பு.

இந்தப் படியில் ஒரு எச்சரிக்கை. போன் செய்த ஊழியரைப் பாராட்ட வேண்டும், தாராளமாகப் பாராட்டுங்கள். ஆனால் சுருக்கத்தை அவருடைய வீரக்கதையாக எழுதிவிடாதீர்கள். “எங்களிடம் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள்” என்று படிப்பவர், இன்னும் ஏற்பாடு எதற்கு என்றுதான் நினைப்பார்.

இரண்டாம் படி: தெரிந்ததையும் தெரியாததையும் பிரியுங்கள்

“தரவு எதுவும் வெளியே போகவில்லை” என்று எழுத எல்லோருக்கும் ஆசை. எழுதுவதற்கு முன், எத்தனை நாள் லாக் இருக்கிறது என்று பாருங்கள். நம் நிறுவனத்தில் ஃபயர்வால் லாக் 14 நாளுக்குத்தான் வைக்கப்படுகிறது. நுழைந்தவர் உள்ளே இருந்தது 19 நாள். கடைசி 14 நாளில் பெரிய அளவில் எதுவும் வெளியே போகவில்லை என்று சொல்லலாம். முதல் 5 நாளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதை அப்படியே எழுதுங்கள். “போகவில்லை” என்று எழுதிவிட்டு மூன்று மாதம் கழித்து எங்காவது ஒரு கோப்பு வெளியே வந்தால், அதன் பிறகு நீங்கள் கேட்கும் எந்தத் தொகையையும் குழு நம்பாது.

வெளியே போன தரவு பற்றிய சந்தேகம் சட்டப்படி யாருக்காவது தெரிவிக்க வேண்டிய கடமையை உண்டாக்கலாம். அதனால் இந்தப் பத்தியை மட்டும் சட்ட ஆலோசகரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். குழுவுக்குப் போகும் தாள் பின்னாளில் வழக்கிலோ விசாரணையிலோ கேட்கப்படலாம் என்பதையும் அவர் சொல்வார்.

மூன்றாம் படி: 70 நிமிடம் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் “ஒரு தாக்குதலின் சராசரி நஷ்டம்” என்ற எண்ணை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சராசரியில் வங்கியும் மருத்துவமனையும் பத்துப் பேர் கடையும் கலந்திருக்கும். குழுவில் கணக்கு தெரிந்த ஒருவர் “இதில் நம்மைப் போன்ற நிறுவனங்கள் எத்தனை?” என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் நிறுவனத்தின் எண்ணை நீங்களே கட்டுங்கள். அது அவ்வளவு கடினமில்லை.

எத்தனை நாள் வேலை நிற்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் கருத்துக் கேட்காதீர்கள், ஒரு சர்வரை உண்மையாகவே பேக்அப்பிலிருந்து மீட்டுப் பார்த்து நேரம் எடுங்கள். நம் நிறுவனத்தில் ஒன்றுக்கு 9 மணிநேரம் ஆனது. ஒரே நேரத்தில் நான்கைத்தான் மீட்க முடியும். 42 சர்வருக்கு 11 சுற்று, அதாவது 99 மணிநேரம். நான்கு நாளுக்குச் சற்று மேல். இது நகல் பத்திரமாக இருந்தால். நகல் அழிந்திருந்தால் கையில் மிச்சம் இருப்பது எப்போதோ தனியாக எடுத்து வைத்த, ஏழு வாரம் பழைய ஒரு பிரதி. அதற்கு மேல் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, ஆர்டர்களைக் காகிதத்திலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். கணினிப் பிரிவும் கிடங்குப் பிரிவும் சேர்ந்து உட்கார்ந்து போட்ட மதிப்பீடு 9 முதல் 16 நாள்.

அப்புறம் நிதித் தலைவரிடம் போங்கள். “ஒரு நாள் பொருள் அனுப்ப முடியாவிட்டால் நமக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். விற்பனைத் தொகையைச் சொன்னால் ஏற்காதீர்கள். பொருள் கிடங்கில்தான் இருக்கும், அதன் அடக்கவிலை போய்விடாது. போவது லாபப் பங்கு, சும்மா இருக்கும் ஆட்களின் சம்பளம், தாமதத்துக்கான அபராதம். அவர் போட்டுக் கொடுத்தது நாளுக்கு 12 அலகு. 9 நாளுக்கு 108, 16 நாளுக்கு 192. வெளியிலிருந்து வரும் நிபுணர்களுக்கும் மறுநிறுவலுக்கும் 25 முதல் 45. மொத்தம் ஏறக்குறைய 130 முதல் 240 அலகு வரை. ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். 187 என்று எழுதினால் அது எப்படி 187 என்றுதான் பேச்சு போகும்.

இந்த எண் நிதித் தலைவருடையதாக இருப்பது மிக முக்கியம். கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பாதுகாப்புப் பிரிவு போட்ட நஷ்டக் கணக்கை, தனக்குப் பணம் கேட்பவர் போட்ட கணக்கு என்றே குழு படிக்கும்.

நிகழ வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று எழுதாதீர்கள். உங்களிடம் அதற்கான தரவு இல்லை. அதைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்கலாம்: இந்தச் செலவு ஈடாக, வாய்ப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? கேட்கும் தொகை மூன்று ஆண்டுக்கு மொத்தம் 40 அலகு என்றால் (எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்), 130 அலகு நஷ்டத்தை முழுவதும் தடுக்கும் பட்சத்தில் மூன்று ஆண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு போதும். பாதியைத்தான் தடுக்கும் என்றால் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நேர்மையாகப் பார்த்தால் இந்தக் கணக்கு மட்டும் யாரையும் அசைக்காது.

அசைப்பது வேறொன்று. தாங்கக்கூடிய எல்லை எது என்பது. நம் நிறுவனத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்தில், தொடர்ந்து 5 நாளுக்கு மேல் பொருள் வராவிட்டால் அவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று ஒரு விதி இருக்கிறது. குழு இந்த விதியை அறியும், அதற்கு ஒப்புதல் கொடுத்தவர்களே அவர்கள்தான். 5 நாள் எல்லை, 9 முதல் 16 நாள் நிறுத்தம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இனி இது கணினி விஷயம் இல்லை, குழு ஏற்கெனவே பொறுப்பெடுத்த ஒரு வாக்குறுதியைக் காப்பாற்ற முடியுமா என்ற விஷயம். உங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு எல்லை எங்கோ எழுதப்பட்டிருக்கும்: ஒப்பந்தத்தில், கடன் நிபந்தனையில், உரிமத்தில், சம்பள நாளில். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கச் செலவானாலும் தகும்.

நான்காம் படி: கேட்கும் ஒவ்வொன்றையும் ஒரு கோட்டுடன் கட்டுங்கள்

நேர வரிசையில் நீங்கள் கோடு போட்ட இடங்களும் அதிர்ஷ்டம் என்று எழுதிய இடங்களும்தான் உங்கள் பட்டியல். நம் நிகழ்வில் அந்த நான்கு இடங்களையும் அடைக்க மூன்று ஏற்பாடு.

ஒன்று, வெளியிலிருந்து உள்ளே வரும் எல்லாக் கணக்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பு, ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்கு தானாக மூடும் ஏற்பாடு. முதல் ஆண்டு 4 அலகு, பிறகு ஆண்டுக்கு 1. இரண்டு, அட்மினால்கூட குறித்த நாள் வரை அழிக்க முடியாத பேக்அப் நகல், அதற்கு வேறு பாஸ்வேர்டு, காலாண்டுக்கு ஒருமுறை மீட்புச் சோதனை. முதல் ஆண்டு 8, பிறகு 2. மூன்று, இரவிலும் விடுமுறையிலும் எச்சரிக்கைகளைப் பார்த்து உடனே போன் செய்யும் கண்காணிப்புச் சேவை. முதல் ஆண்டு 10, பிறகு 6. மொத்தம் முதல் ஆண்டு 22, அடுத்த ஆண்டுகளில் 9. மூன்று ஆண்டுக்கு 40.

தொடர் செலவை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு “இது போன வருடமே முடிந்துவிட்டதே” என்று வெட்டுப்படுவது பெரும்பாலும் கண்காணிப்புக்குத்தான்.

இந்தச் சமயத்தில் ஒரு ஆசை வரும். இரண்டு வருடமாகக் கேட்டுக் கிடைக்காத புது ஃபயர்வாலையும் இதோடு சேர்த்துவிடலாமே என்று. வேண்டாம். அந்த இரவில் ஃபயர்வால் எப்படி இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது, நுழைந்தவர் சரியான பாஸ்வேர்டுடன் வாசல் வழியாக வந்தார். நிகழ்வுடன் ஒட்டாத ஒரு பொருள் பட்டியலில் இருந்தால், ஒட்டும் மூன்றின் மீதும் சந்தேகம் விழும்.

பணமில்லாமல் நீங்கள் ஏற்கெனவே செய்ததை எழுதுங்கள். நம் நிறுவனத்தில் அந்த வாரமே பழைய கணக்குகள் 31 மூடப்பட்டன, ஸ்கிரிப்டில் இருந்த பாஸ்வேர்டு நீக்கப்பட்டது, எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன, லாக் 90 நாளுக்கு நீட்டிக்கப்பட்டது. இது இல்லாத சுருக்கம், “பணம் கொடுத்தால்தான் வேலை செய்வார்களா?” என்று கேட்க வைக்கும்.

ஐந்தாம் படி: மூன்று வழிகளைக் கொடுங்கள், ஒன்றைப் பரிந்துரையுங்கள்

“ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டும் கேட்டால் குழு பெரும்பாலும் “பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும். அப்படியே விடுவது, முதல் இரண்டை மட்டும் செய்வது, மூன்றையும் செய்வது என்று மூன்று வழி வையுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன மீதி ஆபத்து இருக்கும் என்று ஒரு வரி. முதல் வழியை மிரட்டலாக எழுதாதீர்கள், அதையும் ஒரு உண்மையான முடிவாக எழுதுங்கள்: “9 முதல் 16 நாள் நிறுத்தம் என்ற ஆபத்தை நிறுவனம் ஏற்கிறது.” குழுவுக்கு அதை ஏற்க உரிமை உண்டு. ஏற்றால் அது கூட்டக் குறிப்பில் பதிவாகும். தெரிந்து ஏற்பதும், தெரியாமல் தலையில் இருப்பதும் ஒன்றல்ல.

மூன்றையும் செய்தால் எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு வேண்டும். ஆர்டர் எடுத்துப் பொருள் அனுப்ப 42 சர்வரும் வேண்டாம், 12 போதும். மூன்று சுற்று, 27 மணிநேரம். நுழைந்தவர் இன்னும் உள்ளே இல்லை என்று உறுதி செய்த பிறகே மீட்கத் தொடங்க வேண்டும், அதற்கு இரண்டு நாள். ஆக 3 முதல் 4 நாளில் விநியோகம் தொடங்கும். 5 நாள் எல்லைக்குள் வருகிறது, ஆனால் இடைவெளி அகலமில்லை. அதையும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஒரு பக்கத்தை எழுதுங்கள்

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதி முடித்ததும், நிறுவனத்தில் கணினிப் பிரிவைச் சேராத ஒருவரிடம் கொடுத்து, படித்ததை உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் பிழை. “ரிடென்ஷன் பாலிசி” என்பது “நகல்களை எத்தனை நாள் வைத்திருக்கிறோம்” ஆகட்டும். “டொமைன் அட்மின்” என்பது “எல்லாக் கணினிக்கும் பொதுச் சாவி” ஆகட்டும். “தாக்குதல்”, “ஊடுருவல்”, “சம்பவம்” என்று ஒரே விஷயத்துக்கு மூன்று பெயர் வேண்டாம், மூன்று தனித்தனி விஷயம் நடந்ததாக நினைப்பார்கள்.

முடிவை முதல் வரியில் வையுங்கள். சிலர் அந்த ஒரு வரியை மட்டும்தான் படிப்பார்கள். நம் நிகழ்வுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

> கேட்கும் முடிவு: பாதுகாப்பு நிதியை இந்த ஆண்டு 22 அலகும், அடுத்த ஆண்டுகளில் 9 அலகும் உயர்த்த ஒப்புதல். (இப்போதைய நிதி 100 அலகு.)
>
> என்ன நடந்தது: ஒப்பந்தம் முடிந்த ஒருவரின் மூடப்படாத கணக்கு வழியாக ஒரு வெளியாள் 19 நாள் நம் கணினிகளுக்குள் இருந்தார். சனிக்கிழமை அதிகாலை, நம் பேக்அப் நகல்களை அழிப்பதற்கான மாற்றத்தைச் செய்தார். நகல்கள் அழியத் தொடங்க 70 நிமிடம் இருந்தபோது அவர் வெளியேற்றப்பட்டார். வேலை எதுவும் நிற்கவில்லை. கடைசி 14 நாளில் பெரிய அளவில் தரவு வெளியே போனதற்கான தடயம் இல்லை. முதல் 5 நாளுக்குப் பதிவுகள் இல்லாததால் உறுதி சொல்ல இயலாது.
>
> எது காப்பாற்றியது: எச்சரிக்கை மின்னஞ்சல் போனது நம் ஏற்பாடு. அதை அந்த நேரத்தில் ஒருவர் படித்தது தற்செயல்: அன்று காலாண்டுக் கணக்கெடுப்பு. வேறெந்த வாரமாக இருந்தாலும் திங்கட்கிழமை காலைதான் தெரிந்திருக்கும்.
>
> தெரியாமல் போயிருந்தால்: விநியோகம் 9 முதல் 16 நாள் நின்றிருக்கும். செலவு 130 முதல் 240 அலகு (நிதித் தலைவரின் மதிப்பீடு). நம் பெரிய வாடிக்கையாளர் 5 நாளுக்குப் பின் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.
>
> செலவின்றிச் செய்து முடித்தவை: பழைய கணக்குகள் 31 மூடப்பட்டன. வெளிப்பட்ட பாஸ்வேர்டு நீக்கப்பட்டது, எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன. பதிவுகள் இனி 90 நாள் வைக்கப்படும்.
>
> வழிகள்:
> அ. அப்படியே விடுவது. 9–16 நாள் நிறுத்தம் என்ற ஆபத்தை நிறுவனம் ஏற்கிறது.
> ஆ. வெளிநுழைவுக்கு இரட்டைச் சரிபார்ப்பு, அழிக்க முடியாத நகல் (12 அலகு, பிறகு 3). 3–4 நாளில் மீளலாம். இரவிலும் விடுமுறையிலும் நுழைபவரைக் காண ஆள் இருக்காது.
> இ. மேலே உள்ளவற்றுடன் இரவு, விடுமுறைக் கண்காணிப்பு (22 அலகு, பிறகு 9). நுழைபவரை நாட்களில் அல்லாமல் மணிநேரங்களில் காண்பது இலக்கு. பரிந்துரை: இ.
>
> எந்த வழியும் ஆபத்தை முழுவதும் நீக்காது.

வெளியே நடந்த ஒன்றைச் சான்றாகச் சேர்ப்பதானால் ஒன்றே போதும், அதுவும் அதே வாசல் வழியாக நடந்ததாக இருக்கட்டும். இந்த நிகழ்வுக்கு 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு நேர்ந்தது பொருந்தும். பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. எரிபொருள் குழாய் சுமார் ஐந்து நாள் நின்றது, நிறுவனம் ஏறக்குறைய 44 லட்சம் டாலர் பிணைப்பணம் கொடுத்தது. இதைப் பக்கத்தில் எழுதாமல், கேட்டால் சொல்ல வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் போட்டால், “அவர்கள் பெரிய நிறுவனம், நாம் அப்படி இல்லை” என்ற பேச்சில் நேரம் போய்விடுகிறது.

ஏழாம் படி: கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

கேள்விகள் பல வரும், மூன்று அநேகமாகக் கண்டிப்பாக வரும்.

“காப்பீடு இருக்கிறதே?” கூட்டத்துக்கு முன்பே பாலிசியையும், அதை எடுக்கும்போது நிரப்பிய படிவத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளியிலிருந்து வரும் எல்லாக் கணக்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பு இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கலாம். “ஆம்” என்று பதில் எழுதியிருந்து, ஒப்பந்ததாரர் கணக்குகளுக்கு அது இல்லாமல் இருந்தால், இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பிருக்கிறது. இதைக் கூட்டத்தில் முதல்முறை கண்டுபிடிப்பது நல்லதல்ல, முன்பே சட்ட ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

“போன வருடம் கொடுத்த பணம் ஏன் இதைத் தடுக்கவில்லை?” இதற்குச் சளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். போன வருடப் பணம் ஊழியர்களின் கணக்குகளுக்கு இரண்டாவது சரிபார்ப்பு வைக்கப் போனது, அது நடந்தது. ஒப்பந்ததாரர்களின் கணக்குகள் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை, அது எங்கள் தவறு. இப்படி இரண்டே வாக்கியம். சுற்றி வளைத்தால் அந்தக் கேள்வி மூன்று முறை திரும்ப வரும்.

“யார் கணக்கை மூடாமல் விட்டது?” பெயர் சொல்லாதீர்கள். பெயர் சொன்னால் அவரைத் தண்டிப்பதே தீர்வாகிவிடும், மூன்று செலவும் தள்ளிப்போகும். ஒப்பந்தம் முடிந்ததைக் கணினிப் பிரிவுக்குத் தெரிவிக்கும் வழியே நிறுவனத்தில் இல்லை என்பதுதான் உண்மையான பதில். 31 கணக்குகள் அப்படிக் கிடந்தன என்பதே அதற்குச் சான்று, ஒரு ஆளின் மறதியால் 31 கணக்கு தங்காது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது, தலைவரிடமோ தணிக்கைக் குழுவில் ஒருவரிடமோ அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு உங்கள் மேலாளர் வழி செய்வாரா என்று கேளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விதான் கூட்டத்திலும் வரும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு

அதே நாளில் மூன்று தேதிகளையும் மூன்று அளவுகளையும் எழுதி அனுப்பிவிடுங்கள். நம் நிகழ்வில் அளவுகள் இவை: இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் வெளியிலிருந்து நுழையக்கூடிய கணக்குகள் எத்தனை, இலக்கு பூஜ்யம். அந்த 12 சர்வரையும் மீட்க உண்மையில் ஆன நேரம், இலக்கு 27 மணிநேரத்துக்குள். சொல்லாமல் நடத்திய சோதனையில், இரவு எச்சரிக்கை வந்ததிலிருந்து போன் மணி அடிக்கும் வரை ஆன நிமிடங்கள், இலக்கு 15.

முதல் காலாண்டில் மீட்புச் சோதனை பெரும்பாலும் இலக்கைத் தாண்டும். ஏதாவது ஒரு சர்வரின் நகல் முழுமையாக இருக்காது, அல்லது சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருப்பார். 27 மணிநேரத்துக்குப் பதில் 41 ஆனது என்றால் 41 என்றே அறிக்கையில் போடுங்கள், கூடவே எதனால் தாமதம், அடுத்த சோதனைக்குள் எது சரியாகும் என்று இரண்டு வரி சேருங்கள்.